பரிசீலனையில் இருந்த பிரேக்

எங்கள் வீட்டில் காப்பிப்பொடி தீர்ந்துபோனால் யாரும் ‘காப்பிப்பொடி வாங்குவது பரிசீலனையில் உள்ளது’ என்று சொன்னதில்லை. ‘பொடி இல்லை, வரும்போது கால் கிலோ வாங்கிண்டு வா’ என்பார்கள். நானும் வாங்கிக்கொண்டு வருவேன். பம்பாய் மாட்டுங்காவில் எந்த வீட்டிலும் இப்படித்தான். ஆனால் அதே மாட்டுங்கா மனிதர்கள் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் அவர்கள் நாக்கு வேறு நாக்காகிவிடும். யாரும் எதையும் செய்யமாட்டார்கள். எல்லாம் தானாகச் செய்யப்பட்டு வரும்.

இதைச் சொல்லும்போது என்னைத் தனியாக நிறுத்திக்கொள்வது அயோக்கியத்தனம். அந்த நாக்கு எல்லாரையும்விட எனக்குத்தான் நன்றாகப் புரண்டது. அறுபதுகளின் நடுவில் செம்பூரில் ஒரு இன்ஜினீயரிங் தொழிற்சாலையில் நான் லேடி ஸ்டெனோ. கனமான இரும்பு வார்ப்புகளைக் கடைந்து, பொருத்தி, ஆலைகளுக்கு அனுப்புகிற இடம். என் வேலைகளில் முக்கியமானது காலை ரிப்போர்ட். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் என்ன ஆயிற்று, என்ன ஆகவில்லை என்று ஒன்பது மணிக்குள் தகவல் வரும். நான் அதை இங்கிலீஷில் ஒழுங்குபடுத்தி, ஆறு பிரதிகள் வரும்படி கார்பன் வைத்து டைப் அடித்துத் தரவேண்டும். மேல்பிரதி மேனேஜருக்கு. அடியில் போகப்போக எழுத்து மங்கும். கடைசிப் பிரதியைப் படிக்கிறவர் பாதியைப் படித்து மீதியை ஊகித்துக்கொள்வார்.

நான் டைப்ரைட்டிங் படித்த இடத்தில் வியாபாரக் கடிதத்தில் ‘நான்’ என்று வந்தாலே சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள். ‘நான் அனுப்பினேன்’ என்பது நாட்டுப்புறம். ‘அனுப்பிவைக்கப்பட்டுள்ளது’ என்பது கௌரவம். எனக்கு அதில் முதல் பரிசுகூடக் கிடைத்தது. அந்தப் பெருமை மண்டைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் வந்த பிறகுதான் காலை ரிப்போர்ட்டுக்கு ஒரு களை வந்தது என்று எங்கள் ஹெட்கிளார்க் சொல்வார். களை வந்தது வாஸ்தவம். ஒரு பக்கமாக இருந்தது மூன்று பக்கமாயிற்று.

ஹெட்கிளார்க்கும் மாட்டுங்காக்காரர்தான். பயந்த மனுஷர். பெயர் போட்டு எழுதுவது அவருக்கு விஷம். ஒருமுறை நான் ‘ஸ்டோர்ஸ் ஆபீசர் போல்ட்டுகளை இன்னும் தரவில்லை’ என்று அடித்துவிட்டேன். தாளை உருவி எடுத்து, பேரைப் போட்டால் நாளைக்கு அந்த ஆள் வந்து நிற்பான் என்று சொல்லி, ‘போல்ட்டுகள் எதிர்பார்க்கப்படுகின்றன’ என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். போல்ட்டுகள் மூன்று வாரம் எதிர்பார்க்கப்பட்டன. யாரும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லாரும் பல்லக்கில் ஏறிக்கொண்டால் தூக்குகிறது யார்?

தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் தாராவியில் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வேலையாட்கள் எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குத் தமிழும் பம்பாய் இந்தியும் தெரியும். இங்கிலீஷில் நட்டு போல்ட்டுப் பெயர்களைத் தவிர மற்றதெல்லாம் அந்நியம். அதனால் அவர் எழுதித் தரமாட்டார். காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று வாயால் சொல்லிவிட்டுப் போவார். வேஷ்டியை மடித்துக் கட்டினதுபோலப் பேச்சும் இறுக்கமாக இருக்கும். யார், என்ன, எப்போது. அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்படி மொட்டையாகச் சொன்னால் இங்கிலீஷில் என்னத்தை அடிப்பது என்று நினைப்பேன். அவர் சொன்ன இரண்டு வரியை நான் ஆறு வரியாக்குவேன். ‘பம்ப் நேத்து ரிப்பேர் பண்ணியாச்சு, ஓடுது’ என்று அவர் சொன்னால், ‘பம்ப்பைப் பொறுத்தமட்டில் தேவையான பழுதுநீக்கும் பணிகள் மேற்கொள்ளப்பட்டு, தற்போது திருப்திகரமான இயக்கம் காணப்படுகிறது’ என்று என் இங்கிலீஷ் சொல்லும். ஓடுகிற பம்ப்பாக இருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. அன்று அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை, மறக்கவும் முடியாது.

“பெரிய கிரேன் பிரேக் லைனிங் தேஞ்சு ரிவெட்டு தெரியுது. லோடு நிப்பாட்டுன பொறவும் ஒரு சாண் இறங்குது. நான் மாத்துத வரைக்கும் ரெண்டு ஷிப்ட்லயும் யாரும் கிரேன ஓட்டக் கூடாது. லைனிங் ஸ்டோர்ல கெடையாது. பர்ச்சேஸ் சார் இன்னைக்கே வாங்கித் தரணும். வந்துட்டுன்னா நாலு மணி நேரத்துல மாத்திருவேன்.”

லைனிங் என்பது பிரேக்கில் உராய்ந்து பிடிக்கிற பட்டை, அது தேய்ந்தால் பிடிப்பு போய்விடும். சரி என்றேன். மேஜையில் வேறு ஐந்து குறிப்புகள் கிடந்தன. ஹெட்கிளார்க் அன்று லீவு. அதனால் அவர் சொல்லித்தான் மாற்றினேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. நானாகவேதான் யோசித்தேன். ‘யாரும் ஓட்டக் கூடாது’ என்று எழுதினால், ஒரு ஃபோர்மேன் ஷாப் சூப்பரின்டென்டென்டுக்கு உத்தரவு போடுகிற மாதிரி இருக்குமே. ‘பர்ச்சேஸ் ஆபீசர் இன்றே வாங்கித் தரவேண்டும்’ என்று எழுதினால், அந்த மனுஷர் என்னை முறைத்துப் பார்ப்பாரே. பத்து நிமிஷத்தில் பூசி மெழுகிவிட்டேன். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்: ‘பெரிய கிரேனின் பிரேக்கில் ஓரளவு தேய்மானம் காணப்படுகிறது. மாற்றுவதற்கான ஏற்பாடு பரிசீலனையில் உள்ளது. இடைக்காலத்தில் தகுந்த எச்சரிக்கை கடைப்பிடிக்கப்படுகிறது.’

அடித்து முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் பொய் கலந்துவிடும்.

இப்போது அந்த மூன்று வாக்கியங்களும் எங்கே போயின என்று பாருங்கள். பர்ச்சேஸ் ஆபீசர் ‘பரிசீலனையில்’ என்பதைப் படித்தார். மெயின்டனன்ஸ்காரர்கள் இன்னும் யோசிக்கிறார்கள், முடிவு பண்ணிவிட்டுக் கேட்கட்டும் என்று தாளைக் கோப்பில் போட்டார். ஷாப் சூப்பரின்டென்டென்டுக்கு வந்தது நாலாவது கார்பன். ‘ஓரளவு’ என்பதைப் பார்த்தார், ‘எச்சரிக்கை’ என்பதைப் பார்த்தார். யாரோ எச்சரிக்கையாக இருக்கிறார்கள், நல்லது என்று நினைத்துக்கொண்டார். அண்ணாச்சியோ, ரிப்போர்ட்டில் போய்விட்டது, லைனிங் வரும் என்று காத்திருந்தார். காலை ஷிப்ட் ஆபரேட்டரிடம் நேரில் சொல்லியிருந்ததால் காலையில் யாரும் கிரேனைத் தொடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும்போது அவரும் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் பேசவேண்டியது என் தாள்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஷிப்டில் ஒரு கியர்பாக்ஸ் வார்ப்பைத் தூக்கவேண்டியிருந்தது. பிரேக் சரியில்லையாமே என்று ஆபரேட்டர் கேட்டிருக்கிறான். சூப்பரின்டென்டென்ட், ரிப்போர்ட்டில் எச்சரிக்கையாக ஓட்டச் சொல்லியிருக்கிறது, மெதுவாகத் தூக்கு என்றிருக்கிறார். வார்ப்பு மெதுவாக ஏறியது. நிறுத்தினபோது நிற்கவில்லை. இறங்கி, வேகமெடுத்து, மிஷின் மேஜைமேல் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அடியில் சங்கிலியை அவிழ்க்கக் காத்திருந்த கலாசி ஒருவன் பின்னால் குதித்ததில் குதிகால் தோல் மட்டும் போயிற்று. அரை விநாடி பிந்தியிருந்தால் கால் போயிருக்கும்.

புதன்கிழமை அண்ணாச்சியை சஸ்பெண்ட் பண்ணினார்கள். குற்றச்சாட்டு ரொம்பச் சுலபம்: ஆபத்து இருப்பது தெரிந்தும் கிரேனை நிறுத்தச் சொல்லவில்லை. அத்தாட்சி, திங்கட்கிழமை ரிப்போர்ட். அதில் நிறுத்து என்ற சொல் எங்கே இருக்கிறது, காட்டு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலை போகும். செம்பூரில் இப்படிப் போனவனை டிராம்பேயிலும் எடுக்கமாட்டார்கள், முலுண்டிலும் எடுக்கமாட்டார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த ரிப்போர்ட்டை நான் எடுத்துப் பார்த்தேன். நான் வெட்கப்பட்டேனா, கோபப்பட்டேனா என்று கேட்டால் கோபம்தான் முதலில் வந்தது. சூப்பரின்டென்டென்ட் மேல், பர்ச்சேஸ் ஆபீசர் மேல், படித்தவர்களாக இருந்துகொண்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாத எல்லார் மேலும். பிறகு அண்ணாச்சி மேலேயே கோபம் வந்தது. முதல் வாக்குமூலத்தில் அவர் ‘ஆபீஸ்ல சொன்னேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தார். யாரிடம் என்று சொல்லவில்லை. யாரிடம் சொன்னாய் என்று கேட்டதற்கும் ஆபீஸில்தான் என்றே சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் யார், என்ன, எப்போது என்று பேசின மனுஷர், தன் கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில் எங்கள் ஆபீஸ் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டாரே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

வியாழக்கிழமை ஹெட்கிளார்க்கிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் அறைக்கதவைச் சாத்தினார். நீ ஒன்றும் எழுதாமல் இருந்தால்தான் நல்லது என்றார். எழுதியே தீருவேன் என்று நான் நின்றதும், தன் கையாலேயே ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார். எனக்கு வேலை போய்விடக்கூடாதே என்றுதான் எழுதினார் என்பதையும் சொல்லவேண்டும். ‘தகவல் முழுமையாகச் சென்று சேரவில்லை எனத் தெரிகிறது. இதற்காக வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.’ இங்கிலீஷில் அது இன்னும் அழகாக இருந்தது. இதனால் ஃபோர்மேனுக்கும் உதவி, உனக்கும் தலைவலி இல்லை என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். உண்மையில் மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் அதை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். சயனில் இறங்கி, மெயின் ரோட்டில் நடந்து, விசாரித்து விசாரித்துப் போனேன். தோல் பதனிடுகிற வாசனை புடவையில் ஏறிக்கொண்டது. அண்ணாச்சியின் வீடு ஒரே அறை. அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவரின் உட்காரல். அவர் மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

என் பேரை ஏன் சொல்லவில்லை என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். பொம்பளைப் பிள்ளை பேரை எதற்கு இழுக்கணும், என்றார். மாட்டுங்காவிலிருந்து ஒண்டியாக வேலைக்கு வருகிற பெண், ஆபீஸில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், என்றார். எனக்கு முகம் சிவந்தது. கொண்டுவந்த தாளைப் பிரித்தேன். இங்கிலீஷை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். தகவல் முழுமையாகச் சென்று சேரவில்லை எனத் தெரிகிறது.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“யாரு சேக்கல?” என்றார்.

சண்டைக்குக் கேட்கவில்லை. ஒரு பைப்பில் எங்கே ஒழுகுகிறது என்று கேட்பாரே, அதே குரல். நான் தாளை மறுபடி பார்த்தேன். அதற்குள் அவர் மனைவி கதவோரத்திலிருந்து சொன்னாள்.

“யாருன்னு எழுதாம விட்டா, படிக்கிறவுக இவிய பேரத்தான் அங்க போட்டுக்கிடுவாவ. இவியதான சஸ்பெண்டுல இருக்காவ?”

அந்த அம்மாளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்கவரும் என்று பிறகு தெரிந்தது. நான் முதல் பரிசு வாங்கினவள். ஆள் இல்லாத வாக்கியத்தில் ஆள் இல்லாமல் போய்விடமாட்டான், இருக்கிறவர்களில் எளியவனைக் கொண்டுவந்து அங்கே நிறுத்திவிடுவார்கள் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மொட்டைத் தாதன் குட்டையில் விழுந்தான் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். விழுந்தது எந்தத் தாதன், எந்தக் குட்டை என்று படிக்கிறவன் தீர்மானிக்க விட்டுவிட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அவள் மேலும் எனக்குக் கோபம்தான். சரியாகச் சொல்கிறவர்கள் மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கே ஆபீஸ் போய் மிஷினின் உறையை எடுத்தேன். ‘நான்’ என்ற அந்த ஒற்றை எழுத்தை அடிக்க, விரல் போகமாட்டேன் என்றது. இங்கிலீஷில் அது ஒரே ஒரு கோடு. ஏழு வருஷமாக அந்தக் கோட்டை நான் அடித்ததே இல்லை. முதலில் ‘என்னால் எழுதப்பட்டது’ என்று அடித்தேன். கிழித்தேன். பழக்கதோஷம் எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறபோதுகூட எனக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

கடைசியில் அடித்தது இதுதான். ‘திங்கள் காலை ஃபோர்மேன் என்னிடம் மூன்று செய்திகள் சொன்னார். கிரேன் பிரேக் லைனிங் ரிவெட் வரை தேய்ந்துவிட்டது. மாற்றும்வரை இரண்டு ஷிப்டிலும் யாரும் கிரேனை ஓட்டக் கூடாது. பர்ச்சேஸ் ஆபீசர் அன்றே லைனிங் வாங்க வேண்டும். நான் இவற்றை எழுதவில்லை. கிரேனை நிறுத்தச் சொன்னதை விட்டுவிட்டேன். எச்சரிக்கை கடைப்பிடிக்கப்படுகிறது என்று நானாக எழுதினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை.’ அடியில் கையெழுத்துப் போட்டேன்.

ஹெட்கிளார்க் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஏம்மா, இதுல பூரா நீயே இருக்கியே” என்றார். ஆமாம், நான்தானே எழுதினேன் என்றேன். தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார், நானே மேனேஜரிடம் கொண்டுபோனேன்.

மேனேஜர் அதைப் படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தார். சூப்பரின்டென்டென்டிடம், நிறுத்து என்று எழுதியிருந்தால் நிறுத்தியிருப்பீர்களா என்று கேட்டார். நிறுத்தியிருப்பேன் என்றார் அவர். பர்ச்சேஸ் ஆபீசரிடம், இன்றே என்று இருந்தால் வாங்கியிருப்பீர்களா என்று கேட்டார். இவர் ஆமாம் என்றார். அவ்வளவுதான் விசாரணை. பன்னிரண்டு மணிக்கு அண்ணாச்சியின் சஸ்பென்ஷனை ரத்து பண்ணினார்கள். அந்த நாலு நாளுக்கு யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பர்ச்சேஸ் ஆபீசர் லோஹார் சால் கடைத்தெருவுக்கு ஆளை அனுப்பினார். அந்த லைனிங் கிடைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? இரண்டரை மணி நேரம். இரண்டரை மணி நேரத்தில் கிடைக்கிற சாமானை நான் ஒரு வாரம் பரிசீலித்திருக்கிறேன்.

எனக்கு அடுத்த வாரம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ‘தங்களின் செயல் கடுமையாகக் கருதப்படுகிறது. எதிர்காலத்தில் இத்தகையவை தவிர்க்கப்பட வேண்டும்.’ கருதுகிறது யார் என்று ஹெட்கிளார்க்கிடம் கேட்டேன். எனக்குத் தெரியாது என்றார், அவரே எழுதின கடிதம் அது. மேனேஜர், ரிப்போர்ட்டில் இனி ஒவ்வொரு வரியிலும் செய்கிறவர் பெயரும் நாளும் இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். மூன்று பக்கம் ஒரு பக்கமாயிற்று, அதிலும் அடியில் இடம் மிஞ்சியது. பெயர் வந்தவர்கள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை, ஆனால் வேலையை முடித்தார்கள். அதற்குப் பிறகும் மாதத்துக்கு ஒருவராவது ‘ஆவன செய்யப்படுகிறது’ என்று எழுதிக் கொண்டுவருவார். திருப்பிக் கொடுப்பேன். ரிடையர் ஆகிற வரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஆனால் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் திரும்பத் திரும்ப வருகிறது. லைனிங் வந்து சேர்ந்ததும் அண்ணாச்சி கிரேனில் ஏறுவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்தார். நான் அவருக்காக அந்தக் கடிதத்தின் கார்பன் பிரதியை எடுத்து வைத்திருந்தேன். கொடுத்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதனால் விரலை வைத்து வரிகளை எண்ணினார். எட்டு வரி.

“நான் அன்னைக்குச் சொன்னது ஆறு வரிலா இருந்துச்சு” என்றார்.

பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிரேனுக்குப் போனார். சொன்னபடியே நாலு மணி நேரத்தில் மாற்றினார்.